பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தால் சரியாகிவிடுமா?

சரியாகாது. வறுக்கும் சூட்டில் பூஞ்சை செத்துப்போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பூஞ்சை வளர்ந்தபோது பருப்புக்குள் விட்டுவைத்த நஞ்சு முழுக்கப் போய்விடாது. அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர். "நன்றாகச் சிவக்க வறுத்துவிட்டேன், இனி பயமில்லை" என்று சொல்பவர்கள் உயிருள்ள பூஞ்சையையும் உயிரில்லாத நஞ்சையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

சமைத்தால் கிருமி சாகும் என்பது நமக்கு நன்றாகப் பழகிப்போன உண்மை. பால், இறைச்சி, தண்ணீர் என்று பல இடங்களில் அது நம்மைக் காப்பாற்றியும் இருக்கிறது. அதனால்தான் அதே நம்பிக்கையைக் கடலைக்கும் நீட்டிவிடுகிறோம். ஆனால் அஃப்ளாடாக்சின் கொல்லப்பட வேண்டிய உயிர் அல்ல, சிதைக்கப்பட வேண்டிய ஒரு வேதிப்பொருள். அது உருகுவதற்கே ஏறத்தாழ 268 டிகிரி செல்சியஸ் வேண்டும். கடலை வறுக்கும் சூடு அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை.

இந்த நஞ்சு வெளியே தெரியவந்ததும் கடலையால்தான். 1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஒரு லட்சத்துக்கும் மேல் போன பிறகும் காரணம் பிடிபடாததால், அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தொற்றுநோய் என்று தேடினால் கிருமி எதுவும் சிக்கவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை. அது பிரேசிலிலிருந்து வந்த சரக்கு. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள்கள் புறஊதா ஒளியில் சில நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன. ஆங்கிலத்தில் அந்த நிறங்களின் முதலெழுத்தைக் கொண்டுதான் பி, ஜி என்று இன்றும் அவற்றை வகைப்படுத்துகிறார்கள். இவற்றில் கடலையில் அதிகம் காணப்படுவதும் கொடியதும் பி1. நஞ்சை உண்டாக்கியவை ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சைகள். முதலாவதின் பெயரைச் சுருக்கியதில் பிறந்ததுதான் அஃப்ளாடாக்சின் என்ற சொல்.

இந்தப் பூஞ்சைகள் மண்ணில் வாழ்பவை, கடலையும் மண்ணுக்குள் காய்ப்பது. ஆகவே இரண்டும் சந்திக்க மூட்டையும் கிடங்கும் தேவையில்லை. அறுவடைக்கு முந்தைய சில வாரங்கள் மழையில்லாமல், காய் கிடக்கும் மண் சூடேறி வறண்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். நல்ல ஈரப்பதத்தில் இருக்கும் பருப்பு பூஞ்சையை எதிர்க்கும் பொருள்களைத் தானே சுரந்துகொள்ளும். வறட்சியில் அந்தத் திறன் குறைகிறது. பூச்சி துளைத்த காய், வெடித்த காய், பறிக்கும்போது வெட்டுப்பட்ட காய் என்றால் உள்ளே நுழைய வழியும் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு சரியாகக் காயவைக்காமல் குவித்தால் மிச்ச வேலையும் முடிந்துவிடும். பருப்பின் ஈரம் ஏழு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பூஞ்சையால் வளர முடியாது. ஆனால் அதற்கு முன்பே உண்டான நஞ்சு காய்ந்த பருப்பிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வறுப்பு நஞ்சைத் துளியும் தொடுவதில்லை என்று சொன்னால் அதுவும் தவறு. 140 முதல் 160 டிகிரி வரை, அரை மணி நேரம் வறுத்துப் பார்த்த சோதனைகளில் பாதி குறைந்தது உண்டு, முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததும் உண்டு. லேசான வறுப்பில் மிகக் குறைவாகவே போனதும் உண்டு. எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, பருப்பில் எவ்வளவு ஈரம், ஆரம்பத்தில் எவ்வளவு நஞ்சு என்பதையெல்லாம் பொறுத்து இந்த அளவு மாறுகிறது. வீட்டு வாணலியில் இது இன்னும் நிச்சயமில்லாத விஷயம். அடியில் படும் பக்கம் கருகத் தொடங்கும்போது பருப்பின் நடுப்பகுதி அவ்வளவு சூடேறியிருக்காது. நஞ்சு முழுக்கச் சிதையும் அளவுக்கு விட்டால் மிஞ்சுவது கரி.

இந்தக் குறைவு ஏன் போதாது என்பது, நஞ்சு கடலையில் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்தால்தான் புரியும். மொத்தக் குவியலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது கலந்திருப்பதில்லை. பெரும்பாலான பருப்புகளில் ஒன்றுமே இருக்காது. எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் பயங்கரமாக இருக்கும். தனித்தனிப் பருப்பாக எடுத்துச் சோதித்தபோது, ஒரு கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் அளவுக்குக்கூட நஞ்சு இருந்த பருப்புகள் கிடைத்திருக்கின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் மேலும் பதப்படுத்தப் போகும் கடலைக்கே பன்னாட்டு உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான். உண்ணும் கடலைக்கு அமெரிக்காவில் வரம்பு 20, ஐரோப்பிய ஒன்றியத்தில் 4.

இப்போது ஒரு கிலோ பருப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பருப்பு அரை கிராம் என்றால் மொத்தம் 2000 பருப்பு. அதில் 1999 சுத்தமானவை. ஒன்றே ஒன்றில் மட்டும் 100 மைக்ரோகிராம் நஞ்சு இருப்பதாக வைப்போம். மேலே சொன்ன உச்ச அளவோடு பார்த்தால் அரை கிராம் பருப்புக்கு 500 வரும், இது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பருப்பாலேயே முழுக் கிலோவின் சராசரி 100 மைக்ரோகிராம் ஆகிவிடுகிறது, அதாவது கோடெக்ஸ் வரம்பைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். வறுத்து நஞ்சைப் பாதியாக்கினால் 50. மிக நன்றாக வறுத்து ஐந்தில் நான்கு பங்கைச் சிதைத்துவிட்டதாகவே வைத்தாலும் 20. இன்னும் அந்த வரம்புக்கு மேலேதான். அதே நேரம், வறுப்பதற்கு முன் அந்த ஒற்றைப் பருப்பை யாராவது கண்டுபிடித்து எறிந்திருந்தால் மிச்சம் பூஜ்யம். அடுப்பு அரை மணி நேரத்தில் செய்ய முடியாததைக் கண்ணும் விரலும் ஒரு நொடியில் செய்துவிடும்.

இதே கணக்கை உண்பவர் பக்கமிருந்தும் பார்க்கலாம். கிலோவை 50 கிராம் வீதம் இருபது கைப்பிடியாகப் பிரித்தால் பத்தொன்பது பேருக்கு ஒன்றும் இல்லை, ஒருவருக்கு மொத்தமும் போய்ச் சேர்கிறது. "இத்தனை நாளாக இப்படித்தான் சாப்பிடுகிறோம், என்ன ஆகிவிட்டது?" என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது. அதே கிலோவை அரைத்துப் பொடியாகவோ விழுதாகவோ ஆக்கினால் இருபது பேருக்கும் ஆளுக்கு 5 மைக்ரோகிராம் பங்குபோகும், அதன் பிறகு பொறுக்கி எடுக்கவும் வழி கிடையாது. அரைக்கப் போகும் கடலையை மற்றதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதனால்தான். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கைப்பிடி அனுப்பி "சுத்தம்" என்று முடிவு வாங்குவதும் இதே காரணத்தால் பெரிதாக ஒன்றையும் நிரூபிக்காது. இருபதில் பத்தொன்பது முறை அப்படித்தான் வரும். பெரிய சரக்குகளுக்குப் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, மொத்தம் 20 கிலோ மாதிரி சேர்த்து, அதை அரைத்துக் கலந்து சோதிப்பதெல்லாம் இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான்.

கடலை ஆலைகளிலும் நஞ்சைக் குறைப்பதில் பெரும் பங்கு பொறுக்குவதற்குத்தான், வறுப்பதற்கு இல்லை. முதலில் உடைந்ததையும் சிறுத்ததையும் சல்லடையில் கழிக்கிறார்கள். பிறகு தோலை நீக்கி, நிறம் மாறிய பருப்புகளை ஒளிக்கண் பொருத்திய இயந்திரம் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுகிறது. அதை வீட்டில் அப்படியே செய்ய முடியாது என்றாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்.

நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் பருப்பை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். ஓட்டோடு இருந்தால் ஓடு கறுத்தது, ஓட்டை விழுந்தது, குலுக்கினால் உள்ளிருந்து தூசி கொட்டுவது ஆகியவற்றை உடைக்காமலே ஒதுக்கிவிடலாம். பருப்பில் முதலில் போக வேண்டியது சுருங்கிச் சிறுத்தவை. வறட்சியில் முற்றாமல் போன பருப்பில் நஞ்சு இருக்கும் வாய்ப்பு கூடுதல். அடுத்து தோல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறுத்தோ திட்டுத்திட்டாக நிறம் மாறியவை, பூச்சி அரித்தவை, முளைவிட்டவை, ஏற்கனவே உடைந்தவை. மேலே மஞ்சள் கலந்த பச்சைப் பொடி தெரிந்தால் அது ஃப்ளேவஸாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேறு பூஞ்சை என்று ஆறுதல்பட வேண்டாம். அவற்றிலும் நஞ்சு தருபவை உண்டு, ஒரே பருப்பில் இரண்டு மூன்று வகை சேர்ந்து வளர்வதும் உண்டு. நிறத்தை வைத்து இன்ன பூஞ்சை என்று வீட்டில் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க வேண்டிய தேவையும் இல்லை. மூக்குக்கு மிக அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்க்காதீர்கள், அந்தப் பொடி முழுக்கப் பூஞ்சையின் வித்து.

பலரும் செய்யாத ஒன்று, சந்தேகப்படும் பருப்பைப் பிளந்து பார்ப்பது. நிலக்கடலையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு சிறு குழி இருக்கும். வெளியே தோல் வழவழப்பாக, சற்றே மங்கலாக மட்டும் தெரியும் பருப்பு, பிளந்தால் அந்தக் குழியில் வெண்பஞ்சு போலவோ பச்சைப் பொடியாகவோ பூஞ்சையை வைத்திருக்கலாம். நல்ல பருப்பின் உட்பக்கம் பாலேட்டு நிறத்தில், ஒரே சீராக இருக்கும். மஞ்சள் ஓடியிருந்தாலோ விளிம்பு பழுப்பேறியிருந்தாலோ அது சந்தேகத்துக்குரியதுதான். குவியலின் வெவ்வேறு இடத்திலிருந்து ஒரு இருபது முப்பது பருப்பைப் பிளந்து பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தவற்றிலேயே இப்படி ஒன்றிரண்டு அகப்பட்டால் மொத்தத்தையும் கழித்துவிடுவதே என் யோசனை. பொறுக்கிக் காப்பாற்றலாம் என்பது எங்கோ ஒன்றிரண்டு கெட்டிருக்கும் சரக்குக்குத்தான் பொருந்தும். டப்பா முழுக்க மக்கிய வாடை, பருப்போடு பருப்பு ஒட்டிக் கட்டியாகக் கிடக்கிறது என்றால் அங்கே பொறுக்க ஒன்றுமில்லை.

பொறுக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. நஞ்சுக்கு நிறமோ மணமோ கிடையாது. கண்ணில் படுவதெல்லாம் பூஞ்சை விட்டுச்சென்ற தடயம்தான். பூஞ்சை தெரிந்தும் நஞ்சில்லாத பருப்பு உண்டு, ஏனென்றால் ஃப்ளேவஸ் இனத்திலேயே நஞ்சு உண்டாக்காத வகைகள் இருக்கின்றன. பூஞ்சை தெரியாமலே நஞ்சுள்ள பருப்பும் உண்டு. ஆகவே பொறுக்குவது ஆபத்தைப் பெருமளவு குறைக்கும், முழுக்க நீக்காது. சிலர் புறஊதா விளக்கு வாங்கி அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டுக் கடலைக்கு அது பயன்படாது. நிலக்கடலை இயல்பாகவே நீலமாக ஒளிரக்கூடியது. சோளம் போன்ற தானியங்களில் அந்த விளக்கில் பார்க்கும் மஞ்சள்பச்சை ஒளிகூடப் பூஞ்சை வளர்ந்ததன் அறிகுறிதானே தவிர நஞ்சின் அளவைச் சொல்வதில்லை.

இப்போது வறுப்புக்கே திரும்பினால், அதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பச்சைப் பருப்பில் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடுகளை அது மறைத்துவிடுகிறது. எல்லாப் பருப்பும் ஒன்றுபோலச் சிவக்கும், மேலிருந்த பொடி உதிர்ந்துவிடும், வறுத்த மணம் மக்கிய வாடையை அமுக்கிவிடும். மேலே உப்பும் மிளகாய்த் தூளும் சேர்ந்தால் நாக்கும் ஏமாந்துபோகும். ஆகவே பொறுக்குவதை வறுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய பிறகு இரண்டாவது முறை பார்ப்பதும் நல்லதுதான். தோல் போனதும் பருப்பின் மேற்பரப்பு வெளியே தெரிவதால், மற்றவற்றைவிடக் கறுத்துப்போனவையும் தோல் விடாமல் ஒட்டிக்கொண்டவையும் அப்போது அகப்படும். வேகவைப்பதும் கழுவுவதும் பற்றிக் கேட்டால், தண்ணீரின் கொதிநிலை வறுக்கும் சூட்டைவிடக் குறைவு, இந்த நஞ்சோ தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதது. சாதாரணமாகக் கழுவினால் மேலிருக்கும் பொடி போகும், அவ்வளவுதான்.

ஏற்கனவே தின்றுவிட்டவர்களுக்கு: வாயில் ஒரு பருப்பு கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், பதற வேண்டாம். உடனடி நஞ்சேற்றத்துக்கு மிகப் பெரிய அளவு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 முதல் 120 மைக்ரோகிராம் வீதம் தினமும், ஒன்று முதல் மூன்று வாரம் வரை உண்டால் அது உயிருக்கே ஆபத்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1200 மைக்ரோகிராம். நம் கணக்கில் வந்த கெட்ட பருப்பில் பன்னிரண்டு, தினமும். ஒருவர் தற்செயலாகத் தின்னும் அளவல்ல அது. ஆனால் தினசரி முழு உணவாக இருக்கும் ஒரு தானியம் கெட்டுப்போனால் அந்த அளவை எட்டிவிட முடியும். 2004இல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தால் 317 பேர் பாதிக்கப்பட்டு, 125 பேர் இறந்தார்கள். அதையும் யாரும் பச்சையாகத் தின்னவில்லை.

கடலையில் நாம் கவலைப்பட வேண்டியது சிறு அளவு ஆண்டுக்கணக்கில் சேர்வதைப் பற்றி. உடலுக்குள் போன பி1 கல்லீரலை அடைகிறது. அதை வெளியேற்ற வேண்டி கல்லீரலின் நொதிகள் அதன் வடிவத்தை மாற்றுகின்றன. வினோதம் என்னவென்றால், அந்த மாற்றத்தில்தான் அது உண்மையில் ஆபத்தானதாகிறது. மாறிய வடிவத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலே முடக்கிவிடும். தப்பியது மரபணு இழையில் போய் ஒட்டி, செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காக்கும் ஒரு மரபணுவில் எழுத்துப்பிழையை உண்டாக்கலாம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை அஃப்ளாடாக்சினை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் இதனால் பல மடங்காகப் பெருகுகிறது. அவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் சந்தேகமான கடலையை வைத்துப் பேரம் பேசவே கூடாது.

ஒதுக்கிய பருப்பை என்ன செய்வது என்பதிலும் தவறு நடக்கிறது. சொத்தையை எண்ணெய்க்குப் போட்டுவிடலாம் என்பார்கள். பிழியும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் சுத்திகரிக்காத எண்ணெயிலும் ஒரு பகுதி வந்து சேரும். எண்ணெயைக் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போதுதான் அது நீங்குகிறது. கோழிக்குப் போடுவது அதைவிட மோசம், குஞ்சுகள் இந்த நஞ்சை மிகக் குறைவாகவே தாங்கும். கறவை மாட்டுக்குப் போட்டால் மாடு உடனே நோயில் விழாமல் இருக்கலாம். ஆனால் உண்ட பி1இல் நூற்றுக்கு ஓரிரு பங்கு முதல் ஐந்தாறு பங்கு வரை எம்1 என்ற வேறொரு வடிவத்தில் பாலில் இறங்கும், பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. ஒரு பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். டப்பாவையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே புதுக் கடலையை அதில் கொட்டுங்கள்.